முந்திரிக்கொத்த நிறுத்தணுமா? நாலு கட்டத்துல உருளி நேரத்த காணோம்

வாசகி கேள்வி:

அக்கா, நாங்க களியக்காவிளை பக்கத்துல வீட்டுலயே பலகாரம் போட்டு விக்கிறோம். நேந்திரங்காய் சிப்ஸ், மரச்சீனி சிப்ஸ், மிக்சர், அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து, மொத்தம் அஞ்சு ஐட்டம். உருளி ஒண்ணுதான். மதியம் ஒன்றரைக்கு மேல அடுப்பு கிட்ட நிக்க முடியாது, பிள்ளைங்க வந்துரும். உதவிக்கு ரெண்டு பேர், மாசச் சம்பளம். போன மாசம் ஒரு பயிற்சில நாலு கட்டம் போட சொல்லி குடுத்தாங்க, கீழ உழைப்பு, பக்கத்துல பலன், பத்துக்கு மார்க், அஞ்சுல கோடு. போட்டுப் பாத்தா மிக்சரும் மரச்சீனியும் "லேசான வேலை, நல்ல பலன்". முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் "பெரிய உழைப்பு, சின்ன பலன்", அத நிறுத்தணுமாம். வீட்டுக்காரர் ரெண்டையும் விட்டுட்டு மிக்சர் கூட போடுன்னு சொல்றார். மாமியார் முந்திரிக்கொத்த விடக்கூடாதுன்னு சண்டை. எனக்கோ உருண்டை பிடிச்சு பிடிச்சு தோள் விட்டுப் போகுது. எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு புதுப்பிக்கிறதையும் அதே படத்துல போட்டேன், அது "சின்ன பலன்"ல வந்துச்சு, அப்புறம் பாக்கலாமா? நோட்டுப் பக்கம் போட்டோ வச்சிருக்கேன். என்ன செய்யட்டும்?

பதில்:

தங்கச்சி, முதல்ல உங்க நோட்டப் பத்தி சொல்றேன். எத்தன கிலோ, என்ன விலை, எவ்வளவு செலவுன்னு எழுதுறவங்க நிறைய பேர் இருக்காங்க, ஆனா நீங்க ஒவ்வொரு நாளும் எந்த ஐட்டத்துக்கு எத்தன மணிக்கு உருளி ஏத்துனீங்க எத்தன மணிக்கு இறக்குனீங்கன்னு ஓரத்துல பென்சில்ல குறிச்சிருக்கீங்க பாருங்க, அது இல்லேன்னா இந்த பதிலே எழுதியிருக்க முடியாது. இருவது வருஷமா மார்த்தாண்டம், பாறசாலை பக்கம் சின்னக் கடைங்களுக்கு கணக்கு பாக்குறேன், அந்த பென்சில் வரி இருக்கிற நோட்டு ரொம்ப கொஞ்சம்தான் பாத்திருக்கேன்.

நேரா விஷயத்துக்கு வரேன். முந்திரிக்கொத்த நிறுத்தாதீங்க. உங்க நோட்டுப்படி உருளி ஒரு மணி நேரம் எரிஞ்சா அதிகமா காசு தர்றது அதுதான். மிக்சர்தான் அஞ்சுலயும் கம்மியா தருது. வீட்டுக்காரர் சொன்னபடி மாத்துனா வாரத்துக்கு ஆயிரத்து சொச்சம் ரூபா கையில இருந்து போகும். இது அவர் தப்பு இல்ல, அந்தப் படத்த வச்சுப் பாத்தா யாருக்கும் அப்படித்தான் தோணும். படத்துக்குள்ள போட்ட மார்க்குதான் கோளாறு, அத ஒவ்வொண்ணா பாப்போம்.

பலன்னு எத எழுதுனீங்க

நேந்திரங்காய்க்கு பத்து, மரச்சீனிக்கும் மிக்சருக்கும் ஆறு, முந்திரிக்கொத்துக்கு நாலு, அச்சு முறுக்குக்கு மூணு. இது எங்க இருந்து வந்துச்சுன்னு நோட்டோட ஒத்துப் பாத்தேன், வார விற்பனைத் தொகைய வச்சு போட்டிருக்கீங்க. சிப்ஸ் 26,400 ரூபாக்கு போகுது, முந்திரிக்கொத்து 5,760க்குத்தான் போகுது, அதனால அது பெருசு இது சிறுசு. ஆனா அந்த 26,400ல பெரும்பங்கு காய்க்காரருக்கும் எண்ணெய்க் கடைக்கும் போயிடுது. கிலோ 440க்கு விக்கிற சிப்ஸ்ல காய், தேங்கா எண்ணெய், கேஸ், கவர் எல்லாம் சேத்து 330 ஆகுதுன்னு நீங்களே எழுதிருக்கீங்க, மிச்சம் 110. முந்திரிக்கொத்து 480க்கு வித்து சிறுபயறு, சர்க்கரை, தேங்கா, ஏலக்கா, எண்ணெய்னு 300 போனா மிச்சம் 180.

பலன்ங்கிற பக்கம் எழுத வேண்டியது இந்த மிச்சத்தத்தான். வித்த விலைல இருந்து, அந்த ஒரு கிலோ போடலேன்னா செலவே ஆகியிருக்காத சாமான் எதுவோ அத மட்டும் கழிக்கணும். ரெண்டு பேர் சம்பளத்த இதுல கழிக்காதீங்க, ஏன்னா முந்திரிக்கொத்து போட்டாலும் போடலேன்னாலும் மாசம் பிறந்தா அந்தச் சம்பளம் குடுக்கத்தான் போறீங்க. கிலோக் கணக்குல கூலி குடுத்தா அப்ப கழிக்கணும், அது வேற.

உங்க ஒரு வாரக் கணக்கு இப்படி வருது. நேந்திரங்காய் 60 கிலோ, மிச்சம் 6,600. மரச்சீனி 40 கிலோ, கிலோக்கு 80 வச்சு 3,200. மிக்சர் 35 கிலோ, கிலோக்கு 60தான் நிக்குது, 2,100. முந்திரிக்கொத்து 12 கிலோ, 2,160. அச்சு முறுக்கு 8 கிலோ, கிலோக்கு 190, ஆக 1,520. மொத்தம் 15,580 ரூபா. இதுல இருந்துதான் சம்பளம், வீட்டுச் செலவு எல்லாம். 35 கிலோ மிக்சர விட 12 கிலோ முந்திரிக்கொத்து அறுபது ரூபா கூட தருது, இத ஒரு தடவ வீட்டுக்காரர் கிட்ட காட்டுங்க.

உழைப்புன்னா யாரோட உழைப்பு, எந்த நேரம்

இதுதான் முக்கியமான இடம், இதுல கொஞ்சம் நேரம் நிக்கணும். முந்திரிக்கொத்துக்கு ஒம்பது மார்க் போட்டிருக்கீங்க. ஏன்னு புரியுது. சிறுபயறு கருகாம வறுக்கணும், உடைக்கணும், தேங்காவ ஈரம் போக வதக்கணும், பாகு பதம் பாக்கணும், சூடு ஆறுறதுக்குள்ள உருட்டணும், மறுநாள் மாவுல முக்கி மூணு மூணா எண்ணெயில விடணும். உடம்பு நோவுது, அதனால மார்க் கூடிப் போச்சு. மிக்சருக்கு மூணு, ஏன்னா ஜல்லிக் கரண்டியோட நின்னா போதும், கை நோகாது.

ஆனா உங்க தொழில தடுக்குறது எது? நாளைக்கு இன்னும் பத்து கிலோ கூட போடணும்னா எது இல்லாம போகும்? ஆள் இல்லாம போகுமா, சாமான் இல்லாம போகுமா? இல்ல தங்கச்சி, உருளி நேரம் இல்லாம போகும். காலைல ஏழுக்கு ஏத்துனா ஒன்றரைக்குள்ள இறக்கணும், ஆறு நாளைக்கு 39 மணி நேரம், இடையில போறது போக 38, அவ்வளவுதான் உங்க கிட்ட இருக்கு. எது தட்டுப்பாடோ அது எவ்வளவு செலவாகுதுங்கிறதுதான் படத்துல உழைப்புப் பக்கம் வரணும், மத்தது எல்லாம் வலிச்சாலும் ரெண்டாவதுதான் (உங்க தோள மறந்துடல, அதுக்கு வரேன்).

பென்சில் வரிய கூட்டுனா நேந்திரங்காய் 15 மணி நேரம், மரச்சீனி 8, மிக்சர் 7, அச்சு முறுக்கு 5, முந்திரிக்கொத்து வெறும் 3. பாத்தீங்களா, மிக்சர் லேசுன்னு நினைச்சோம், ஆனா ஓமப்பொடி தனியா, பூந்தி தனியா, கடலை தனியா, கறிவேப்பில தனியான்னு உருளிய அது பிடிச்சு வச்சுக்குது. முந்திரிக்கொத்து கையில கிடந்து மூணு நாள் வேலை வாங்கினாலும் எண்ணெயில நிக்கிறது கொஞ்ச நேரம்தான்.

இப்ப மிச்சத்த மணி நேரத்தால வகுங்க. முந்திரிக்கொத்து மணிக்கு 720 ரூபா. நேந்திரங்காய் 440. மரச்சீனி 400. அச்சு முறுக்கு 304. மிக்சர் 300. அஞ்சும் சேத்து சராசரி 410.

போன்ல ஷீட்ல போடணும்னா A பேரு, B விலை, C கிலோக்கு சாமான் செலவு, D கிலோ, E உருளி மணி நேரம். F கட்டத்துல இத டைப் பண்ணி கீழ இழுத்து விடுங்க:

```
=(B2-C2)*D2/E2
```

வீட்டுக்காரர் திட்டத்த இதே கணக்குல ஓட்டிப் பாத்தேன். ரெண்டையும் நிறுத்துனா 8 மணி நேரம் மிச்சம், ஆனா 3,680 ரூபா போச்சு. அந்த 8 மணி நேரமும் மிக்சர் போட்டா 40 கிலோ, 2,400 வரும். வாரத்துக்கு 1,280 நஷ்டம், நாலு வாரத்துக்கு அஞ்சாயிரத்துக்கு மேல. அதுவும் இப்ப 35 கிலோ வாங்குற கடைங்க 75 கிலோ வாங்குவாங்கன்னு வச்சுக்கிட்டா. சரி, மிக்சருக்கு பதிலா நேந்திரங்காய் போட்டாலும் 3,520தான் வரும், அப்பவும் 160 கம்மி.

கட்டம் மட்டும் பாத்தா சரியான கணக்கும் ஏமாத்தும்

இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும், ஏன்னா நிறைய பேர் கணக்க சரி பண்ணிட்டு மறுபடியும் அதே நாலு கட்டத்துல போட்டு மறுபடியும் ஏமாறுறாங்க. உங்க புது நம்பர எடுத்துக்குங்க. கோடு அஞ்சுலன்னு பயிற்சில சொன்னாங்க, அஞ்சுங்கிறதுக்கு எந்தக் காரணமும் இல்ல, பத்துல பாதி அவ்வளவுதான். உங்க சொந்த சராசரில கோடு போடணும். ஓட்டல் மெனுவுக்கு இதே மாதிரி நாலு கட்ட முறை ஒண்ணு இருக்கு, 1982ல அமெரிக்கால மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டில காசவானா, ஸ்மித்னு ரெண்டு பேர் கொண்டு வந்தது, அதுலயும் லாபக் கோடு அந்த ஓட்டலோட சொந்த சராசரிதான், பொதுவா ஒரு நம்பர் கிடையாது. (பயிற்சில நட்சத்திரம், மாடு, நாய்னு கட்டத்துக்கு பேரு வச்சு சொல்லியிருந்தா அத இங்க சேக்காதீங்க. அது சந்தை எவ்வளவு வேகமா வளருது, அதுல நம்ம பங்கு எவ்வளவுன்னு பெரிய கம்பெனிக்கு போடுற வேற படம்.)

சரி, உங்க சராசரி கோடு போடுறோம். ஒரு ஐட்டத்துக்கு சராசரி உருளி நேரம் 7.6 மணி, சராசரி மிச்சம் 3,116 ரூபா. நேந்திரங்காய் ரெண்டு கோட்டுக்கும் மேல, மரச்சீனியும் மயிரிழைல மேல. மிக்சர், அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து மூணுமே "சின்ன உழைப்பு, சின்ன பலன்" கட்டத்துல போய் விழுது. பாருங்க, மணிக்கு 720 தர்றதும் 300 தர்றதும் ஒரே கட்டத்துல பக்கத்து பக்கத்துல உக்காந்திருக்கு! முந்திரிக்கொத்து நீங்க கம்மியா போடுறதால அது மூலைல கிடக்கு, கம்மியா தர்றதால இல்ல.

அதனால நாலு கட்டத்துக்கு மேல இன்னொரு கோடு வரைங்க. கீழ் மூலைல, அதாவது உழைப்பும் சைபர் பலனும் சைபர்ங்கிற இடத்துல ஸ்கேல வச்சு, 10 மணி நேரத்துக்கு நேரா 4,100 ரூபா எங்க வருதோ அந்தப் புள்ளி வழியா சாய்வா ஒரு கோடு. அது உங்க மணிக்கு 410 சராசரி. கோட்டுக்கு மேல நிக்கிற புள்ளி உருளி நேரத்துக்கு சராசரிக்கு கூட தருது, கீழ நிக்கிறது கம்மியா தருது. கோட்ட விட்டு உயரத்துல நல்லா விலகி நிக்கிறது முந்திரிக்கொத்து ஒண்ணுதான். நேந்திரங்காய் கொஞ்சம் மேல, மரச்சீனி கோட்ட ஒட்டி, மிக்சரும் அச்சு முறுக்கும் தெளிவா கீழ. பென்சில்ல போட்டுப் பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை, நான் எழுதுறத விட அது நல்லா புரிய வைக்கும்.

புள்ளிய புள்ளியா வைக்காதீங்க, ஒரு விரல் அளவுக்கு அழுத்தித் தேச்சு வைங்க. ஏன்னா நேந்திரங்காய்ல காய் விலையோ எண்ணெய் விலையோ ஏறி கிலோக்கு 30 ரூபா கூட செலவானா மிச்சம் 110ல இருந்து 80க்கு வந்துரும், மணிக்கு 440 இருந்தது 320 ஆயிரும், கோட்டுக்கு மேல இருந்தது கீழ போயிரும். தேங்கா எண்ணெய் விலை எப்படி ஆடுதுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. முந்திரிக்கொத்துக்கு அதே 30 ரூபா ஏறுனாலும் மணிக்கு 600 நிக்கும். கோட்டுக்கு ரொம்ப பக்கத்துல இருக்கிறத வச்சு எந்த முடிவும் எடுக்காதீங்க, மரச்சீனிய அப்படியே விட்டுடுங்க.

அப்ப முந்திரிக்கொத்த ரெட்டிப்பா போடலாமா?

கேப்பீங்கன்னு தெரியும். முடியாது, இப்போதைக்கு முடியாது. 12 கிலோக்கு கை வேலை 14 மணி நேரம் ஆகுதுன்னு எழுதிருக்கீங்க. உதவிக்கு இருக்கிற ரெண்டு பேரும் ஒன்றரைக்கு மேல பேக்கிங் பண்றாங்க, மூணு மணிக்கு முடிஞ்சிடுது, அப்புறம் நாலரை வரைக்கும் பெருசா வேலை இல்ல. ஒருத்தருக்கு ஒன்றரை மணி நேரம், ரெண்டு பேர், ஆறு நாள், 18 மணி நேரம் கை சும்மா இருக்கு. 14 போக இன்னும் 4 மணி நேரம்தான் மிச்சம், அதுல மூணு கிலோ கூட போடலாம், 15 கிலோ வரைக்கும். அதுக்கு மேல போனா உருளிக்கு பதிலா கைதான் தட்டுப்பாடு ஆகும், அப்ப இந்தப் படத்த கை நேரத்த வச்சு புதுசா போடணும். மூணு கிலோ கூட போட முக்கால் மணி நேரம் உருளி வேணும், அத மிக்சர்ல இருந்து எடுங்க. 540 வரும், மிக்சர்ல 225 போகும், வாரத்துக்கு 315 ரூபா லாபம். பெருசு இல்ல, ஆனா கைக்காசு போடாம வர்றது. மூணு வாரம் போட்டுப் பாருங்க, சிப்ஸ் மாதிரி இது நாள்பட நிக்காது, தேங்கா காறிப் போயிரும், அதனால வார கடைசில டின்ல மிச்சம் கிடந்தா பழைய 12க்கே திரும்பிடுங்க.

இப்ப உங்க தோள். அந்த 14 மணி நேரத்துல பாதிக்கு மேல நீங்களே உருட்டுறீங்க, மாமியார் உங்களுக்கு மட்டும்தான் சொல்லிக் குடுத்தாங்கன்னு எழுதிருக்கீங்க. உருளி பக்கம் காலைல ஆறரை மணி நேரம் நின்னுட்டு மதியமும் நீங்களே உருட்டுனா எந்தத் தோளும் தாங்காது. பாகு பதம் உங்க கையில இருக்கட்டும், அது தப்புனா எல்லாம் உதிரும், இல்லேன்னா கல்லாயிரும். உருட்டுறத மதியம் மூணு மணிக்கு மேல அந்த ரெண்டு பேருக்கும் குடுத்துடுங்க. ராத்திரி உருண்டை இறுகிடும், காலைல நீங்க முக்கிப் பொரிச்சா போதும். முதல் வாரம் உருண்டை சின்னதும் பெருசுமா வரும், எடைக்குத்தான் விக்கிறீங்க, ஒண்ணும் ஆகாது. மாமியார அந்த நேரத்துல பக்கத்துல உக்காந்து பாத்துக்க சொல்லுங்க, சண்டை போடுற வேகத்துக்கு சந்தோஷமா வருவாங்கன்னு நினைக்கிறேன். உதவிக்கு வர்றவங்க நாலரைக்கு மேல நிக்கணும், கூட காசு குடுக்கணும்னு ஆச்சுன்னா மட்டும் அந்தக் கூலிய சாமான் செலவோட சேத்து கணக்க மறுபடி போடுங்க.

அச்சு முறுக்கு

இதுல வீட்டுக்காரர் சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. மணிக்கு 304தான். அந்த 5 மணி நேரத்துல நேந்திரங்காய் போட்டா 20 கிலோ, 2,200 ரூபா, 680 லாபம். அந்த 20 கிலோ இதே 440க்கு போகுமான்னு தெரியணும். ஓணம் நெருங்குற சமயம் போகும், மத்த மாசத்துல கடைக்காரங்க வாங்கி வச்சு திருப்பிக் குடுப்பாங்க. மிக்சர் போட்டா 1,500, அதுக்கு அச்சு முறுக்கே இருக்கட்டும்.

நிறுத்துறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை செய்யுங்க. ஒண்ணு, ரெண்டு வாரம் வீட்டு வாசல்ல வாங்குறவங்க பில்ல பாருங்க, அச்சு முறுக்கு வாங்குனவங்க கூட வேற என்ன வாங்குனாங்கன்னு குறிங்க. பாறசாலை பக்கம் ஒரு பேக்கரில சாயங்காலம் பழம்பொரி போடுறது தொல்லைன்னு இப்படித்தான் ஒரு படத்த பாத்து நிறுத்துனாங்க, ஒரு மாசத்துல சாயா விற்பனை சரிஞ்சுது, அப்புறம்தான் ஆள கடைக்குள்ள கூட்டிட்டு வந்ததே பழம்பொரின்னு தெரிஞ்சுது. அந்தப் படத்த போட சொன்னதுல நானும் ஒருத்தி, அந்த தப்பு இன்னும் மனசுல நிக்குது. கிறிஸ்துமஸுக்கும் கல்யாணத்துக்கும் அச்சு முறுக்கு கேட்டு வர்றவங்க கூடவே ரெண்டு கிலோ சிப்ஸ் வாங்கிட்டுப் போறாங்கன்னா அந்த காசும் அச்சு முறுக்கு கணக்குலதான் வரணும்.

ரெண்டாவது, அத உருளில ஏன் போடுறீங்க? ஒவ்வொண்ணா அச்ச முக்கி எடுக்குற வேலைக்கு அவ்வளவு எண்ணெய் தேவையே இல்ல. பக்கத்து சின்ன அடுப்புல ஒரு சீனச்சட்டி வச்சு, மூணு அச்ச எண்ணெயிலயே சூடா கிடக்க விட்டு மாத்தி மாத்தி எடுத்தா அதே 8 கிலோ வந்துரும். அச்சு சூடு குறைஞ்சா மாவு ஒட்டாது, சூடு கூடுனா மாவு அச்சுல பிடிக்காம நழுவிரும், அது பழகுன கைக்கு தெரியும். காலைல உதவிக்கு இருக்கிறவங்கள்ல ஒருத்தர் காய் சீவுற வேலை முடிஞ்சு ஃப்ரீயா இருந்தா அவங்க நிக்கட்டும். அப்ப உருளில அச்சு முறுக்கோட நேரம் சைபர் ஆயிரும், 1,520 அப்படியே நிக்கும், உருளில 5 மணி நேரமும் கையில வரும். புள்ளிய அழிக்கிறதுக்கு முன்னாடி அத இடது பக்கமா நகத்த முடியுமான்னு பாக்குறது எப்பவும் நல்லது, நகத்த வழியே இல்லேன்னா அப்ப நிறுத்துங்க.

இந்தப் படத்துல போடவே கூடாதது

எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவ தயவுசெய்து இதுல இருந்து எடுத்துடுங்க. இத கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். 2006 உணவுப் பாதுகாப்பு சட்டப்படி வீட்டுல போட்டு வித்தாலும் பதிவோ லைசென்ஸோ வேணும், அது செய்யலாமா வேண்டாமான்னு நம்ம முடிவு பண்ற விஷயம் இல்ல. அதுக்கு மார்க் போட்டா என்னைக்கும் சின்ன பலன்ல தான் விழும், ஏன்னா அதனால ஒரு கிலோ கூட கூட விக்காது, ஆனா தேதி முடிஞ்சு போன நம்பர கவர்ல அடிச்சு கடைக்கு குடுத்தா உங்க கிட்ட வாங்குற கடைக்காரரும் மாட்டிக்குவார், அடுத்த தடவ உங்க சாமானே எடுக்க மாட்டார். தேதி முடியறதுக்கு முன்னாடியே விண்ணப்பம் போட்டுடுங்க, இந்த வாரமே.

லேபிள் மாத்துறதையும் அதே படத்துல பாத்தேன். அது ஒரு தடவ பண்ணா முடிஞ்சு போற வேலை, முந்திரிக்கொத்து வாராவாரம் பண்ற வேலை, ரெண்டையும் ஒரே தாள்ல பக்கத்துல வச்சா ஒரு நாள் உழைப்பும் வருஷம் பூரா உழைப்பும் ஒரே மார்க் வாங்கிக்கும். அந்த மாதிரி வேலைகளுக்கு தனித் தாள் போடுங்க, அதுக்கு வேணும்னா பத்துக்கு மார்க் போடுற முறையே போதும்.

படத்துல தேதி போட்டு வைங்க. ஓணத்துக்கு ஒரு மாசம் முன்னாடி நேந்திரங்காய் விலை, சிப்ஸ் விலை, கேக்குற அளவு எல்லாம் மாறும், அப்ப ஷீட்ல B, C, D, E நாலையும் மாத்தி F என்ன சொல்லுதுன்னு பாருங்க. அந்த ஒரு மாசமும் மிக்சர அடியோட நிறுத்தி 7 மணி நேரத்தையும் நேந்திரங்காய்க்கு குடுக்க வேண்டி வரலாம், அதுக்கு மிக்சர் வாங்குற கடைங்க கிட்ட இப்பவே ஒரு வார்த்த சொல்லி வச்சுடுங்க.